விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் அறை

சென்னை எழும்பூரில் மாலையில் ஏறியவர்களை இரவு ரயில் காரைக்குடி சந்திப்பில் இறக்கிவிடும்போது இன்னும் விடிந்திருக்காது. நடைமேடையில் பெட்டிகள், பட்டுப்புடவைப் பைகள், தோளில் தூங்கும் குழந்தை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஆச்சி. வாசலில் ஆட்டோக்காரர்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லி அழைக்கிறார்கள். இந்தக் குடும்பம் போக வேண்டியது கோவிலூர். அங்கே கொற்றவாளீசுவரர் கோயிலையும் கோவிலூர் மடத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், காலை எட்டு மணிக்குத் திருப்பூட்டு. அதற்குள் ஐந்து பேரும் குளித்து, உடை மாற்றி, மாத்திரை சாப்பிட்டு, பந்தலுக்குப் போய்ச் சேர வேண்டும். காரைக்குடியில் அறை பதிவு செய்தாகிவிட்டது, அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. ரிசப்ஷனில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொல்கிறார்: “உங்க ரூம் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தாங்க.”

முகூர்த்த நாள்களில் இந்தக் காட்சி செட்டிநாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பயணியின் கடிகாரமும் விடுதியின் கடிகாரமும் வெவ்வேறு. இரண்டையும் பொருத்தி வைக்கும் ஒரு செய்தி மட்டும் முன்கூட்டியே போகவில்லை.

### ரயில் வரும் நேரமும் அறை காலியாகும் நேரமும்

காரைக்குடிக்குச் சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்கள் நள்ளிரவு கழிந்து, விடிவதற்குள் வந்து போய்விடுகின்றன. திரும்பும் இரவு ரயில்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகே கிளம்புகின்றன. ஆகவே ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வருபவருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழுகிறது. காலையில் அறை கிடைப்பதற்குள் எட்டு ஒன்பது மணி நேரம். மதியம் அறையை ஒப்படைத்த பிறகு ரயில் வரும்வரை இன்னொரு எட்டு ஒன்பது மணி நேரம். முன்னதற்குக் கேட்பது ‘ஏர்லி செக்-இன்’, பின்னதற்குக் கேட்பது ‘லேட் செக்-அவுட்’.

விடுதிகள் பகல் 12 மணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் துப்புரவு வேலைதான். போகிறவர் பதினொன்று, பன்னிரண்டுக்குள் கிளம்பினால், பகல் ஷிப்டில் இருக்கும் ஆள்கள் எல்லா அறைகளையும் ஒரே மூச்சில் தயார் செய்ய முடியும். ஓர் அறையில் விரிப்புகளை மாற்றி, குளியலறையைக் கழுவி, தரையைத் துடைத்து, மேற்பார்வையாளர் பார்த்து முடிக்கச் சாதாரணமாக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். பழைய செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் இது இன்னும் கடினம். காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் போன்றவை நகரத்துப் பெரிய ஹோட்டல்களைப் போல நூற்றுக்கணக்கான அறைகள் கொண்டவை அல்ல. அறைகள் குறைவாக உள்ள இடத்தில், விடியற்காலையில் வருபவருக்குக் கொடுக்க ஒரு மாற்று அறை கையிருப்பில் இருப்பது அரிது. இரவில் வேலைக்கு இருப்பவர்களும் ஓரிருவர்தான்; அந்த நேரத்தில் ஓர் அறையைத் தயார் செய்ய ஆள் இருக்காது.

தமிழ்நாட்டு ஊர்களின் லாட்ஜுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. ‘24 மணி நேரம் செக்-அவுட்’ என்று பலகையிலேயே எழுதியிருக்கும். அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து ஒரு நாள் கணக்கு தொடங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து அன்றிரவே ரயிலேறும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஒரே நாள் வாடகையில் முழுப் பகலும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லாட்ஜில் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் அதே 24 மணி நேர உரிமை உண்டு. அவர் மறுநாள் மாலை வரை அறையை விடமாட்டார். எனவே அங்கும் ‘மூன்று மணிக்கு அறை வேண்டும்’ என்று முன்கூட்டிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல், அதே லாட்ஜை இணையதளம் வழியாகப் பதிவு செய்யும்போது வருகிறது. பலகையில் 24 மணி நேரம் என்றிருந்தாலும், தளத்தின் பதிவுச் சீட்டில் ‘செக்-இன் பகல் 12, செக்-அவுட் காலை 11’ என்று அச்சாகியிருக்கலாம். அப்போது லாட்ஜுக்காரர் சீட்டில் உள்ளதைத்தான் காட்டுவார். பதிவு செய்தவுடன் நேராக லாட்ஜுக்குப் பேசி, எந்தக் கணக்கு தமக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்வது தேவை.

### அந்த அறை நேற்றிரவு யாருடையது?

காலையில் சீக்கிரம் அறை கேட்கும்போது உண்மையில் கேட்கப்படுவது ஒன்றுதான்: அந்த அறை முந்தின இரவு விற்றுப்போனதா, இல்லையா? விற்காமல் இருந்தால் அறை சுத்தமாக, பூட்டிக் கிடக்கிறது. விடுதிக்காரருக்கு அதைத் திறந்துவிடுவதில் பெரிய இழப்பில்லை. சில வேளை பணமே வாங்காமல் கொடுப்பார். விற்றிருந்தால், உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவரை எழுப்ப முடியாது.

இதனால்தான் பதிவு செய்யும் நாளில் கேட்டால் ‘அன்றைக்குப் பார்க்கலாம்’ என்ற பதில் வருகிறது. முந்தின இரவு நிரம்புமா என்பது அப்போது விடுதிக்கே தெரியாது. சாதாரண நாளில் முந்தின மாலை கேட்டால் ஓரளவு தெளிவான பதில் கிடைக்கும். முகூர்த்த நாள்களிலும், பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தி, குன்றக்குடியில் தைப்பூசக் காவடி புறப்படும் நாள்கள் போன்ற சமயங்களிலும் சுற்றுவட்டாரம் முழுக்க அறைகள் நிரம்பியிருக்கும். அப்போது இலவசமாக ஏர்லி செக்-இன் எதிர்பார்ப்பது வீண். உறுதியாக வேண்டும் என்றால் ஒரே வழி, முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்வது.

முந்தின இரவைச் சேர்த்துப் பணம் கட்டியவர்களும் நடு இரவில் தெருவில் நிற்க நேர்வது உண்டு. அதற்குக் காரணம் தேதி.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணியைச் ‘சனிக்கிழமை ராத்திரி மூணு மணி’ என்றுதான் வீட்டில் பேசுவார்கள். பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் மாறுகிறது. ரயில்வே கணக்கில் நள்ளிரவிலேயே ஞாயிறு பிறந்துவிடுகிறது. விடுதியின் கணக்கோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு இரவும், பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி, ரிசப்ஷனில் அன்றைய வரவு செலவை முடித்துப் புதிய தேதிக்கு மாறுவார்கள். ‘நைட் ஆடிட்’ என்பார்கள். அந்தக் கணக்கை முடிக்கும்போது, சனிக்கிழமைக்குப் பதிவு செய்தும் வராதவர்களை ‘நோ-ஷோ’ என்று குறித்துவிடுவது வழக்கம். நோ-ஷோ ஆன பதிவுக்கு ஓர் இரவு வாடகை பிடிக்கப்படும். பல இடங்களில் மிச்ச நாள்களும் ரத்தாகி, அறை வேறு ஒருவருக்குப் போய்விடும். மூன்று மணிக்கு வரும் குடும்பம் சனிக்கிழமைக்குப் பணம் கட்டியிருந்தும், வரும் நேரத்தைச் சொல்லாததால், நோட்டில் அவர்கள் வராதவர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ‘ஞாயிற்றுக்கிழமைதானே போய் இறங்குகிறோம்’ என்று ஞாயிறு தேதிக்கு மட்டும் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு ஞாயிறு பகல் 12 மணிக்குத்தான் உயிர்பெறும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த குடும்பத்துக்கு நேர்ந்தது இதுதான்.

> பெட்டிச் செய்தி: ஒரு பகலுக்கு என்ன விலை?
>
> நாள் வாடகை 3,000 ரூபாய் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு வந்து அன்றிரவு 9 மணிக்குக் கிளம்பினால், உள்ளே இருப்பது 18 மணி நேரம்.
>
> பகல் 12 மணிக் கணக்குள்ள விடுதியில், சனி இரவு மட்டும் பதிவு செய்தால் ஞாயிறு காலை 11 அல்லது 12 மணியோடு நேரம் முடியும். இரவு 9 வரை வேண்டுமானால் ஞாயிறையும் சேர்த்து 6,000 ரூபாய். மாலை 6 மணிக்குள் அறையை விட்டால் பல விடுதிகளில் அரை நாள் வாடகை, அதாவது மொத்தம் 4,500 ரூபாய். 24 மணி நேர லாட்ஜில் அதே வாடகை என்றால் 3,000 ரூபாயோடு முடிந்துவிடும்.
>
> இவற்றின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்; அதற்கு மேற்பட்ட அறைகளுக்கு 18 சதவீதம். அரை நாள் கட்டணம் சொல்லும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
>
> காலை 6 மணிக்கு முன் நுழைந்தால் முழு நாள், 6 மணிக்கு மேல் என்றால் அரை நாள் என்று பிரிப்பது பரவலான வழக்கம். சட்டம் எதுவும் இப்படிச் சொல்லவில்லை. விடுதிக்கு விடுதி மாறும்.

### என்ன எழுத வேண்டும்?

வேண்டுகோளை நேராக விடுதிக்கே அனுப்ப வேண்டும். பதிவுத் தளத்தில் ‘சிறப்பு வேண்டுகோள்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதியது விடுதிக்குப் போய்ச் சேரலாம். யாராவது படிக்கவும் செய்யலாம். ஆனால் அதில் எழுதிவிட்டதாலேயே எதுவும் உறுதியாவதில்லை. முதலில் தொலைபேசியில் பேசுவது, பேசியதை உடனே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்புவது, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது: இந்த வரிசைதான் வேலை செய்கிறது. பேசும்போது ‘சீக்கிரமே வந்துடுவோம்’ என்று சொன்னால், ரிசப்ஷனில் இருப்பவருக்கு அது காலை பத்து மணியாகத்தான் தோன்றும்.

மேலே சொன்ன குடும்பம் சனி இரவுக்குப் பதிவு செய்திருந்தால், அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கும்:

> வணக்கம். எங்கள் பதிவு எண் ______. பெயர்: ______. ஓர் அறை, பெரியவர்கள் நான்கு பேர், குழந்தை ஒன்று. கூடுதல் மெத்தை ஒன்று வேண்டும்.
>
> 14-ஆம் தேதி சனிக்கிழமை இரவுக்கான வாடகை கட்டியுள்ளோம். ஆனால் நாங்கள் வந்து சேர்வது நள்ளிரவுக்குப் பிறகு, 15-ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை. சென்னை எழும்பூரிலிருந்து வரும் ரயில் (எண் ______) காரைக்குடி சந்திப்புக்கு 3 மணி அளவில் வரும். விடுதிக்கு 3.30 மணிக்குள் வருவோம். எங்களை ‘நோ-ஷோ’ என்று குறிக்காமல் அறையை வைத்திருக்க வேண்டுகிறோம்.
>
> 15-ஆம் தேதி இரவு 9 மணிக்கு ரயில். மாலை 6 மணி வரை அறை வேண்டும். அதற்குக் கட்டணம் எவ்வளவு? முடியாது என்றால், பகல் 12 மணிக்கு அறையை ஒப்படைத்துவிட்டுப் பெட்டிகளை வைக்கவும், மாலையில் உடை மாற்றவும் இடம் கிடைக்குமா?
>
> இரவில் தொடர்புகொள்ள எண்: ______. ரயில் தாமதமானால் நாங்களே தெரிவிக்கிறோம். உறுதி செய்து பதில் அனுப்புங்கள்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. தேதியோடு கிழமையையும் ‘நள்ளிரவுக்குப் பிறகு’ என்பதையும் சேர்த்து எழுதினால், சனி இரவா ஞாயிறு இரவா என்ற குழப்பத்துக்கு இடமே இருக்காது. ரயில் எண் இருந்தால், இரவுப் பணியில் இருப்பவர் ரயில் எங்கே வருகிறது என்று தாமே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் தாமதமானாலும் ‘இனி வரமாட்டார்கள்’ என்று முடிவு கட்டமாட்டார். பி.என்.ஆர். எண் அவருக்குத் தேவையில்லை. அதில் பயணிகளின் விவரங்கள் அடங்கியிருப்பதால் அனுப்பாமல் இருப்பதே நல்லது. ரயில் நிலையத்துக்கு வரும் நேரத்தையும் விடுதிக்கு வரும் நேரத்தையும் தனித்தனியே எழுதுவதற்குக் காரணம், விடுதிக்காரருக்குக் கதவைத் திறக்க வேண்டிய நேரம்தான் முக்கியம். ஊர்ப்புறத்து விடுதிகளில் இரவில் வாயிற்கதவு பூட்டியிருக்கும். காவலரிடம் சொல்லி வைத்தால்தான் திறப்பார்.

ஆள்கணக்கும் கூடுதல் மெத்தையும் சாதாரண விவரங்களாகத் தோன்றும். மூன்று மணிக்கு வந்து ‘ஒரு பெட் சேர்த்துப் போடுங்க’ என்றால், அதைக் கொண்டு வர ஆள் இல்லை. பகலிலேயே போட்டு வைக்க வேண்டியது அது.

இந்தச் செய்தியை அனுப்பச் சரியான நேரங்கள் இரண்டு. பதிவு செய்தவுடன் ஒரு முறை. ரயிலேறும் நாள் மாலை இன்னொரு முறை. முதல் செய்தி பதிவேட்டில் ஏறுவதற்கு. இரண்டாவது, அன்றிரவு உண்மையில் பணியில் இருக்கப்போகிறவரின் கண்ணில் படுவதற்கு.

### பதிலில் உறுதி எங்கே இருக்கிறது?

‘பார்க்கலாங்க’, ‘முயற்சி செய்றோம்’, ‘ரூம் இருந்தா கண்டிப்பா கொடுத்துடலாம்’ போன்ற பதில்கள் மரியாதையானவை. ஆனால் வாக்குறுதிகள் அல்ல. ஒரு பதில் உறுதியானது என்பதற்கு அடையாளம், அதில் ஒரு நேரமும் ஒரு தொகையும் இருப்பதுதான். ‘15-ஆம் தேதி விடியற்காலை 3.30-க்கு அறை தயாராக இருக்கும், 14-ஆம் தேதி வாடகை வாங்கிக்கொண்டோம்’ என்றோ, ‘மாலை 6 மணி வரை வைத்துக்கொள்ளலாம், கூடுதலாக 1,500 ரூபாய்’ என்றோ எழுத்தில் வந்தால், அதற்குப் பின்னால் யாரோ பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று பொருள்.

வாய்மொழி வாக்கு உடையும் இடம் ஷிப்ட் மாறும் நேரம். மாலையில் பேசியவர் இரவு வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் இருப்பவருக்கு அவர் சொல்லியிருக்கமாட்டார். இதற்காகத்தான் பேசியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதும், ‘நோட்டில் எழுதிட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்பதும். எழுதிய செய்தி போனில் இருந்தால், மூன்று மணிக்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. திரையைக் காட்டினால் போதும்.

மறுப்பு வந்தாலும் கேட்க இன்னும் இடம் இருக்கிறது. அறை கிடைக்காது என்றால், குளிக்க ஒரு பொதுக் குளியலறை, பெட்டி வைக்க ஓர் இடம், உட்கார ஒரு முகப்புக் கூடம் கிடைக்குமா என்று கேட்கலாம். பெரும்பாலான விடுதிகள் பெட்டிகளைப் பணம் வாங்காமல் வைத்துக்கொள்ளும். திருமணத்துக்கு வருபவருக்கு உண்மையில் தேவைப்படுவது கட்டில் அல்ல, வெந்நீரும் ஒரு தாழ்ப்பாளும்தான். அதை மட்டும் கேட்டால் ‘சரி’ என்ற பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

### கல்யாண வீட்டின் கணக்கு

செட்டிநாட்டில் திருமணங்களும் சாந்திகளும் இன்றும் சொந்த ஊரின் பூர்வீக வீட்டிலேயே நடத்தப்படுகின்றன. வீடு பெரிதுதான், வளவைச் சுற்றி அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அறைகள் பெரும்பாலும் நகைகளும் சாமான்களும் வைக்கப் பயன்பட்டவை. குளியலறைகளோ எண்ணிச் சொல்லக்கூடியவை. ஆகவே விருந்தாளிகளுக்குக் காரைக்குடியில் பத்து, பதினைந்து அறைகளை மொத்தமாகப் பதிவு செய்வது கல்யாண வீட்டாரின் பொறுப்பாகிவிட்டது. ஏர்லி செக்-இன் பிரச்சினை பெரிய செலவாக மாறுவதும் இங்கேதான்.

பத்து அறைகளையும் முந்தின இரவிலிருந்து எடுத்தால், 3,000 ரூபாய் வாடகைக் கணக்கில் கூடுதல் செலவு 30,000 ரூபாய். எடுக்காவிட்டால், இரவு ரயிலில் வரும் உறவினர்கள் மதியம் வரை பந்தலில் பெட்டியோடு உட்கார வேண்டும். அனுபவமுள்ள வீட்டார் நடுவழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். இரண்டு அறைகளை மட்டும் முந்தின இரவிலிருந்து எடுக்கிறார்கள். கூடுதல் செலவு 6,000 ரூபாய். ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. விடியற்காலையில் வரும் எல்லாரும் அங்கே முறை வைத்துக் குளித்து, உடை மாற்றி, பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுப் பந்தலுக்குப் போகிறார்கள். மதியம் அவரவர் அறை திறந்ததும் பெட்டிகள் இடம் மாறுகின்றன. மறுநாள் கிளம்பும்போதும் இதே முறைதான். எட்டு அறைகளை நேரத்துக்கு ஒப்படைத்துவிட்டு, இரண்டை மட்டும் ரயில் நேரம் வரை நீட்டிக்கிறார்கள்.

இதற்கு விடுதிக்காரரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஓர் அறைக்குள் இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. சொல்லாமல் பதினைந்து பேர் ஏறி இறங்கினால் தகராறுதான் வரும். சொல்லிவிட்டால், கூடுதல் துண்டுகளுக்குச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

விடுதிக்கு ஒரு பட்டியலும் போக வேண்டும்: எந்த அறைக்கு யார், எந்த ரயில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யாருடைய போன் எண். பதிவு கல்யாண வீட்டாரின் பெயரில் இருக்க, வந்து நிற்பவர் வேறொருவர் என்பதால்தான் இந்தப் பட்டியல். பெயர் இல்லாமல் ‘கோவிலூர் கல்யாணத்துக்கு வந்திருக்கோம்’ என்றால், ஒரே முகூர்த்தத்தில் சுற்றுவட்டாரத்தில் பல கல்யாணங்கள் நடக்கும்போது, அது எந்தக் கல்யாணம் என்று இரவுப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது. அடையாள அட்டை நகலைப் பகலிலேயே அனுப்பி வைத்தால், விடியற்காலையில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு அறைக்குப் போகலாம்.

> பெட்டிச் செய்தி: சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கு
>
> காரைக்குடிக்குத் திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிங்கப்பூர், கோலாலம்பூர் உறவினர்கள் பெரும்பாலும் திருச்சியில் இறங்குகிறார்கள். விடுதிக்கு அனுப்பும் நேரம் விமானம் தரையிறங்கும் நேரமாக இருக்கக்கூடாது. குடியேற்றச் சோதனை, பெட்டி எடுத்தல் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம், சாலைக்கு இரண்டு மணி நேரம் சேர்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு விமானம் இறங்கினால் விடுதி வாசலில் நிற்பது 1 மணிக்கு; தேதி மாறிவிட்டது. நோ-ஷோ எச்சரிக்கை இவர்களுக்கும் பொருந்தும்.
>
> வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தங்கினால், விடுதி உரிய படிவத்தை நிரப்பி 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு, விசா விவரங்கள் தேவை. இவற்றின் நகலை முன்பே அனுப்பினால் நடு இரவில் நிற்கும் நேரம் குறையும்; ஆனால் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

### புறப்படும் நாள்

லேட் செக்-அவுட்டுக்கான விடையும் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: அன்று அந்த அறைக்கு வேறொருவர் வருகிறாரா? அதனால் இதைக் கேட்க நல்ல நேரம் முதல் நாள் இரவு. அப்போது மறுநாள் வருகைப் பட்டியல் ரிசப்ஷனில் தயாராக இருக்கும். காலை பதினொன்றே முக்காலுக்குக் கேட்டால், அறைக்கு ஆள் போட்டாகிவிட்டது என்ற பதில்தான் வரும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் பெரும்பாலும் அறைகள் காலியாகும் நாள் என்பதால், அன்று கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். முகூர்த்த நாளன்றே கேட்பவருக்குக் குறைவு.

‘கொஞ்சம் லேட்டாகும்’ என்று சொல்வதைவிட, ‘மூன்று மணிக்குச் சாவியைக் கொடுத்துவிடுவோம்’ என்று சொல்வது பலன் தரும். குறிப்பிட்ட மணி சொன்னால், அந்த அறையைக் கடைசியாகச் சுத்தம் செய்யும்படி வரிசையை மாற்ற முடியும். ஒரு மணி நேரம் என்றால் பல இடங்களில் பணம் கேட்கமாட்டார்கள். இரண்டு மூன்று மணியைத் தாண்டினால் கட்டணம் வரும். 24 மணி நேர லாட்ஜில் அரை மணி, ஒரு மணி சலுகை இருக்கலாம். அதற்கு மேல் அடுத்த நாள் கணக்கு தொடங்கிவிடும். எவ்வளவு சலுகை என்பதை வரும்போதே கேட்டு, ரசீதில் எழுதியிருக்கும் வந்த நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 3.30-க்கு வந்ததை 2.30 என்று எழுதியிருந்தால், கிளம்பும்போது ஒரு மணி நேரம் குறைந்துவிடும்.

இரவு ரயிலுக்குக் கிளம்புபவருக்கும் விடியற்காலை ரயிலுக்குக் கிளம்புபவருக்கும் தேவை வேறு. சென்னைக்குப் போகும் பல்லவன் விரைவு ரயில் (12606) காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படுகிறது. அதற்குப் போகிறவர் முதல் நாள் இரவே பில்லைக் கட்டி முடித்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் இரவுப் பணியாளரிடம் கல்லாச் சாவியோ அட்வான்ஸைத் திருப்பித் தர ரொக்கமோ இல்லாமல் போகலாம். ஆட்டோவுக்கும் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

எதிர்த்திசையில் வரும் பல்லவன் (12605) எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பி இரவில், நள்ளிரவுக்கு முன்பே, காரைக்குடிக்கு வந்துவிடுகிறது. முந்தின இரவின் வாடகையை எப்படியும் கட்டத்தான் போகிறோம் என்றால், அந்த ரயிலில் வந்து இரவு முழுக்கத் தூங்கி எழுந்து பந்தலுக்குப் போவது மேல். முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் குடும்பங்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும். நோ-ஷோ பயமும் தேதிக் குழப்பமும் சேர்ந்தே போய்விடும்.

### எழுதிக் கொடுத்தும் அறை இல்லை என்றால்

பணம் வாங்கி, நேரமும் எழுதிக் கொடுத்த பிறகு அறை மறுக்கப்பட்டால், முதலில் கேட்க வேண்டியது அதே தரத்தில் வேறு அறை, அல்லது விடுதியின் செலவில் பக்கத்து விடுதியில் ஏற்பாடு. முகூர்த்த நாளில் விடுதிக்காரர்கள் ஒருவரை ஒருவர் போனில் அழைத்து இதைச் செய்துகொடுப்பது உண்டு. அதுவும் நடக்காவிட்டால், வந்த நேரம் தெரியும்படி ஒரு செய்தியை அங்கேயே நின்று விடுதியின் எண்ணுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தால் தளத்தின் உதவி எண்ணுக்கும் அப்போதே சொல்ல வேண்டும். மறுநாள் சொன்னால் ‘நீங்கள் வரவே இல்லை என்று விடுதி தெரிவித்திருக்கிறது’ என்ற பதில் வரக்கூடும்.

பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. சென்னைக் குடும்பம் இதற்காகச் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. அங்கே கைகொடுக்கும் ஆவணங்கள் மூன்று: பதிவுச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, வரும் நேரத்தைச் சொல்லி அனுப்பிய செய்தியும் அதற்கு விடுதி எழுதிய பதிலும்.